ரீஃபண்ட் மெசேஜை நம்பி கார்டு நம்பர் கொடுத்தாயிற்று, ஓடிபி மட்டும் கொடுக்கவில்லை

கேள்வி: அப்பாவுக்கு இந்த வருடம் உண்மையிலேயே வருமான வரி ரீஃபண்ட் வர வேண்டியிருக்கிறது. நேற்று "உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கைச் சரிபாருங்கள்" என்று மெசேஜ் வந்தது. லிங்கைத் திறந்தால் வருமான வரித்துறை தளம் மாதிரியே இருந்ததாம். பான், பிறந்த தேதி, டெபிட் கார்டு நம்பர், காலாவதி தேதி, சிவிவி எல்லாம் போட்டுவிட்டார். ஓடிபி கேட்டதும் சந்தேகம் வந்து மூடிவிட்டார். இதுவரை பணம் எதுவும் போகவில்லை. இத்தோடு விட்டுவிடலாமா? இனிமேல் உண்மையான மெசேஜை எப்படிக் கண்டுபிடிப்பது?

விடக்கூடாது. மீதியைப் படிப்பதற்கு முன்பே அந்தக் கார்டை முடக்கிவிடுங்கள். வங்கியின் ஆப்பில் கார்டு பகுதிக்குள் போனால் நிரந்தரமாக முடக்கும் வழி இருக்கும். இல்லையென்றால் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அப்பாவையே பேசச் சொல்லுங்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேட வேண்டாம். அங்கே முதலில் வந்து நிற்கும் எண்ணே மோசடிக்காரருடையதாக இருக்கலாம். தற்காலிகமாக அணைத்து வைக்கும் வசதி இங்கே போதாது. கார்டு நம்பரும் தேதியும் சிவிவியும் வேறொருவர் கையில் இருக்கின்றன, அந்தக் கார்டு காலாவதி ஆகும் நாள் வரை அவை செல்லுபடியாகும். பழைய கார்டை ரத்து செய்து புது எண்ணோடு வேறு கார்டு வாங்குவதுதான் வழி. அந்தக் கார்டில் தானாகக் கழிகிற சந்தா ஏதாவது இருந்தால் அதை மட்டும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

"ஓடிபி கொடுக்கவில்லையே, அப்புறம் என்ன?" என்று அப்பா கேட்பார். பாதி நியாயம்தான். இந்தியாவுக்குள் இணையத்தில் கார்டை வைத்துப் பணம் செலுத்த, அட்டையில் அச்சிட்டிருக்கும் விவரம் மட்டும் போதாது, கூடுதலாக இன்னொரு உறுதிப்படுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 முதலே கட்டாயமாக்கியிருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓடிபிதான். அதனால் உள்நாட்டுக் கடைகளில் அந்தக் கார்டைத் தேய்க்க அவர்களுக்கு வழி குறைவு. வெளிநாட்டு வணிகத் தளங்கள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கே நம்பர், தேதி, சிவிவி இருந்தாலே பணம் கழிந்துவிடலாம். 2020 மார்ச் முதல் புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் அணைந்தே இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்ற விதி இருப்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் அப்பாவின் கார்டு எப்போது வாங்கியது, யாராவது எப்போதாவது அதைத் திறந்து வைத்தார்களா என்று எனக்குத் தெரிய வழியில்லை. புதுக் கார்டு வந்ததும் ஆப்பில் பார்த்து, வெளிநாட்டு உபயோகம் தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, அடுத்த சில நாட்களில் அப்பாவுக்கு வரக்கூடிய தொலைபேசி அழைப்பு. பல வருடங்களாக ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஓடிபி கட்டத்தில் நின்றுவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் அடி விழுவது இந்த இரண்டாம் சுற்றில்தான். எங்களிடம் ரிட்டர்ன் போடும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், உங்கள் அப்பாவைப் போலவே எல்லாம் நிரப்பிவிட்டு ஓடிபி வந்ததும் மெசேஜை முழுதாகப் படித்தார். ரீஃபண்ட் என்ற சொல்லே அதில் இல்லை. கேள்விப்படாத ஒரு வணிகரின் பெயரும், அவர் கணக்கிலிருந்து கழியப் போகும் ஒரு தொகையும் இருந்தன. மூடிவிட்டார். மறுநாள் "உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவர் அழைத்தார். அவருடைய பெயர், பான், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு எண் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். "நேற்று உங்கள் கார்டில் யாரோ பணம் எடுக்க முயன்றிருக்கிறார்கள், அதை ரத்து செய்ய ஒரு எண் அனுப்புகிறோம், சொல்லுங்கள்" என்றார். முந்தைய நாள் நடந்ததை அறிந்திருந்ததாலேயே அந்தக் குரல் வங்கியின் குரலாகத் தெரிந்தது என்று அந்த அம்மா பிறகு சொன்னார். நல்லவேளை, அதற்குள் கார்டை முடக்கியிருந்தார்கள். ஆகவே அப்பாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்: வங்கியிலிருந்து யார் அழைத்தாலும் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்க எண்ணுக்கு இவரே திரும்ப அழைக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனையை ரத்து செய்ய ஓடிபி தேவைப்படாது. பணம் வெளியே போவதற்குத்தான் அது கேட்கப்படும்.

இன்னொன்றையும் அவரிடம் நிதானமாக, திட்டாமல் கேளுங்கள். அந்தப் பக்கம் ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னதா? "ரீஃபண்ட் ஆப்", "சரிபார்ப்பு ஆப்" என்ற மாதிரி ஏதாவது நிறுவினாரா? இதற்குக் காரணம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன், டிரினிக் என்ற ஆண்ட்ராய்டு தீம்பொருளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அது முழுக்க வருமான வரி ரீஃபண்டைத் தூண்டிலாக வைத்தே வேலை செய்தது. எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க் துறையின் தளம் போன்ற பக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே விவரங்களை நிரப்பச் சொல்லி, ஒரு ஏபிகே கோப்பை நிறுவச் சொல்லும். பான், ஆதார், கணக்கு எண், கார்டு எண், சிவிவி, பின் வரை எல்லாம் வாங்கிக்கொண்டு, "இவ்வளவு ரீஃபண்ட் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று காட்டும். பட்டனை அழுத்தினால் பிழை என்று சொல்லி, அப்டேட் ஆவது போல ஒரு திரை ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் உள்ள எஸ்எம்எஸ்களும் அழைப்புப் பதிவும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். 27-க்கும் மேற்பட்ட இந்திய வங்கிகளின் வாடிக்கையாளர்கள் இதன் குறியாக இருந்தார்கள் என்று அந்த எச்சரிக்கை சொன்னது.

ஆப் எதையும் நிறுவவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நிறுவியிருந்தால் கதையே மாறுகிறது, ஏனென்றால் ஓடிபி வருவதே அந்த போனுக்குத்தான். அவர் யாரிடமும் சொல்லத் தேவையில்லை, போனே சொல்லிவிடும். பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: யுபிஐ பின்னைப் புதிதாக அமைக்கவும் டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி தேதியும் ஓடிபியும்தான் பொதுவாகக் கேட்கப்படுகின்றன. கார்டு விவரமும் எஸ்எம்எஸ்ஸும் ஒரே ஆளிடம் சேரும்போது ஆபத்து பெருகுவது இதனால்தான். அப்படியானால் போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்குப் பேசி நெட்பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். ஆப்பை நீக்கினால் போதுமா என்பது நிச்சயமில்லை. சில ஆப்கள் நீக்க விடாமல் தடுக்கும், ஐகானை மறைத்துக்கொள்ளும். அதனால் படங்களை எடுத்து வைத்துவிட்டு போனை முழுதாக ரீசெட் செய்வதைத்தான் நான் சொல்வேன்.

சரி, இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மெசேஜைப் பார்த்தே உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் கலையை அப்பாவுக்குக் கற்றுக் கொடுக்க முயலாதீர்கள் என்பேன். நன்றாகச் செய்த போலியைத் தினமும் இந்தத் தளத்தில் வேலை செய்கிற நாங்களே ஒரு பார்வையில் சொல்லிவிட முடியாது. அதைவிட, ரீஃபண்ட் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கார்டு என்ற வார்த்தை வந்ததுமே விஷயம் முடிந்துவிடும்.

ரிட்டர்னைத் தாக்கல் செய்து, 30 நாட்களுக்குள் இ-வெரிஃபை செய்த பிறகு, பெங்களூரில் உள்ள மையப் பரிசீலனை நிலையம் கணக்குப் பார்க்கிறது. கூடுதலாகப் பிடித்த வரி இருந்தால் அதை 143(1) அறிவிப்பில் காட்டி, ரீஃபண்டுக்கு அனுப்புகிறது. பணத்தைப் போடும் வேலை பாரத ஸ்டேட் வங்கியுடையது. அது போய்ச் சேரும் இடம், நீங்கள் போர்ட்டலுக்குள் முன்பே சேர்த்து, சரிபார்க்கப்பட்டு, ரீஃபண்டுக்கு என்று குறித்து வைத்த வங்கிக் கணக்கு. 2019 மார்ச் முதல் பானோடு இணைத்த கணக்குக்கு மின்னணு வழியில் மட்டுமே ரீஃபண்ட் வருகிறது. இந்தப் பாதையில் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் இருக்கின்றன, பெயர் பானோடு பொருந்துகிறதா என்ற சோதனை இருக்கிறது. கார்டு எங்குமே இல்லை. கார்டு நம்பரைத் துறை கேட்பதில்லை என்பதோடு, கேட்டாலும் அதை வைத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சிவிவி என்பது பணம் எடுப்பதற்கு மட்டுமே பயன்படும் எண், பணம் போடுவதற்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

இங்கே ஒரு சின்ன விலக்கைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது வந்து "போர்ட்டலில் டெபிட் கார்டு கேட்டதே" என்பார்கள். வரி கட்டும்போது, அதாவது e-Pay Tax பகுதியில், நெட்பேங்கிங்கோடு டெபிட் கார்டு வழியும் உண்டு. அது நாம் துறைக்குப் பணம் கொடுப்பது. அதேபோல ரிட்டர்னை உறுதிப்படுத்தும் எண்ணைச் சில வங்கிகளின் ஏடிஎம்மில் கார்டைச் செருகியும் பெறலாம். அந்த ஏடிஎம் வழியில் கார்டு நம்பரை எந்த இணையப் பக்கத்திலும் தட்டுவதில்லை. வரி கட்டிப் பழகிய கை, "இதுவும் அதே தளம்தானே" என்று கார்டை எடுப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது மெசேஜுக்கு வருவோம். உங்கள் அப்பாவுக்கு வந்தது எது என்று நீங்கள் முழுதாக எழுதவில்லை. 2023 ஆகஸ்டில் மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் போலி என்று அறிவித்த ஒரு மெசேஜ் இன்றும் சின்னச் சின்ன மாற்றங்களோடு சுற்றுகிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். அதன் சாரம் இது: உங்களுக்கு ₹15,490 வருமான வரி ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுள்ளது, தொகை விரைவில் கணக்கில் சேரும், 5XXXXX6755 என்ற கணக்கு எண்ணைச் சரிபாருங்கள், சரியில்லை என்றால் கீழே உள்ள லிங்கில் போய் உங்கள் வங்கி விவரத்தைப் புதுப்பியுங்கள்.

இதை எழுதியவர் மனிதர்களை அறிந்தவர். தொகையைப் பாருங்கள். சம்பளக்காரருக்கோ பென்ஷன்காரருக்கோ வரக்கூடிய அளவுதான், முழு எண்ணாகவும் இல்லை. லட்சக்கணக்கில் போட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் அந்தக் கணக்கு எண். அது உங்களுடையது அல்ல, யாருடையதாகவும் இருக்கத் தேவையில்லை. லட்சம் பேருக்கு அனுப்பினாலும் ஏறக்குறைய எல்லோருக்கும் "ஐயோ, இது என் கணக்கு இல்லையே" என்று தோன்றும். பணம் வருகிறது என்ற ஆசையைவிட, நம் பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடப் போகிறது என்ற பதற்றம் வேகமாக லிங்கை அழுத்த வைக்கும். அவர்கள் நம்மிடம் கேட்பது போலவே இல்லை, நாமே திருத்தப் போகிறோம். ரிட்டர்ன் காலமான ஜூலை முதல் சில மாதங்களுக்கு நிஜமாகவே ரீஃபண்டுக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். மெசேஜ் அனுப்பியவருக்கு உங்கள் அப்பாவைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, தற்செயலாகப் பொருந்தியிருக்கும்.

லிங்கைத் திறந்ததும் வரும் பக்கம் அச்சு அசலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. எந்த இணையப் பக்கத்தின் தோற்றத்தையும், சின்னம், நிறம், தலைப்பட்டி உட்பட, அப்படியே நகலெடுக்கச் சில நிமிடம் போதும். பல போலிப் பக்கங்களில் கார்டு கேட்கும் ஒரு படிவம் மட்டும் சொந்தச் சரக்கு, மற்ற மெனுக்களை அழுத்தினால் உண்மையான தளத்துக்கே போகும். வங்கிப் பட்டியலில் உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் அதன் சின்னம் வரும். சிலவற்றில் கார்டு நம்பரில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டால் "தவறான கார்டு எண்" என்று மறுத்துவிடும். இது பலரை ஏமாற்றுகிறது. "நான் சோதிக்க வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன், கண்டுபிடித்துவிட்டது, அதனால் நிஜம் என்று நம்பினேன்" என்று படித்தவர்களே சொல்வார்கள். கார்டு எண்ணின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களை ஒரு எளிய கணக்கில் போட்டுப் பெறுவது. அதைச் சரிபார்க்க வங்கியோடு எந்தத் தொடர்பும் வேண்டாம், பக்கத்துக்குள்ளேயே நாலு வரி நிரல் போதும். முகவரிப் பட்டியில் உள்ள பூட்டுச் சின்னமும் அப்படித்தான். நமக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். எதிர்முனையில் இருப்பது யார் என்பதை அது சொல்லாது. அந்தச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்படியானால் நம்பத்தக்கது எது? முகவரி மட்டும்தான், அதையும் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். உண்மையான தளத்தின் உள்நுழைவு முகவரியையும், போலி ஒன்று எப்படி இருக்கும் என்பதையும் கீழே வைக்கிறேன். இரண்டாவது நானே எழுதிய மாதிரி, அப்படி ஒரு தளம் கிடையாது.

```
https://eportal.incometax.gov.in/iec/foservices/
https://incometax.gov.in.refund-status.example/verify
```

இரண்டிலும் `incometax.gov.in` இருக்கிறது. வித்தியாசம் அது எங்கே இருக்கிறது என்பதில்தான். `https://` என்பதைத் தாண்டி, அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டைப் பின்னாலிருந்து படியுங்கள். முதலாவது `gov.in` என்று முடிகிறது. அந்த முடிவுள்ள பெயரை அரசு அமைப்புகளைத் தவிர வேறு யாரும் பதிவு செய்ய முடியாது. இரண்டாவது `refund-status.example` என்று முடிகிறது. அந்தப் பெயரை வாங்கியவர் அதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். போனின் சின்னத் திரையில் நீளமான முகவரி முழுதாகத் தெரியாததால், முன்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நம்புவது சுலபம். புள்ளிக்குப் பதில் கோடு போட்டு `incometax-gov-in` என்று எழுதுவதும் இதே வகைதான். சுருக்கிய லிங்க் என்றால் எங்கே போகிறது என்றே தெரியாது. அதோடு, சில அரசுத் தளங்களில் உள்ள ஓட்டை வழியாக வேறு தளத்துக்குத் தள்ளிவிடும் தந்திரமும் உலகில் பல இடங்களில் நடந்திருக்கிறது. அதனால் பார்க்க வேண்டியது மெசேஜில் எழுதியிருக்கும் லிங்கை அல்ல, கடைசியில் திறந்து நிற்கும் பக்கத்தின் முகவரியை.

அனுப்புநர் பெயரைப் பற்றியும் கேட்பீர்கள். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்தோ வெளிநாட்டு எண்ணிலிருந்தோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் அது போலி, யோசிக்க வேண்டியதில்லை. முறையான வணிக, அரசு எஸ்எம்எஸ்களுக்குப் பதிவு செய்த எழுத்துப் பெயர் இருக்கும். 2025-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பெயரின் கடைசியில் மெசேஜின் வகையைக் காட்டும் ஓர் எழுத்தும் வருகிறது. அரசு மெசேஜுக்கு `-G`. இது நல்ல ஏற்பாடு. ஆனாலும் இதை ஒரு பக்கத்துக்கு மட்டுமே நம்புங்கள்: இல்லையென்றால் சந்தேகப்படலாம், இருப்பதாலேயே நம்பிவிட முடியாது. மொபைல் கோபுரம் போல நடித்து, அருகில் உள்ள போன்களுக்கு எந்தப் பெயரிலும் எஸ்எம்எஸ் அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. மின்னஞ்சலில் தெரியும் அனுப்புநர் பெயரும் அதே மாதிரிதான், யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிக்கொள்ளலாம்.

குழப்பம் வருவது எங்கே என்றால், ரீஃபண்ட் நிஜமாகவே கணக்குப் பிரச்சினையால் நிற்பதும் உண்டு. ஒரு வங்கி இன்னொன்றோடு இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியிருக்கும், கணக்கை மூடியிருப்பார்கள், பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒத்துப்போகாது. அப்போது துறையும் "ரீஃபண்ட் தோல்வி, கணக்கைச் சரிபார்க்கவும்" என்ற பொருளில் தகவல் அனுப்பும். ஆகவே கணக்கைப் பற்றிப் பேசும் மெசேஜ் எல்லாமே பொய் என்று சொல்ல முடியாது. அதனால்தான் மெசேஜை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்கிறேன். மெசேஜ் உண்மை என்றால், அதே தகவல் போர்ட்டலுக்குள்ளும் இருக்கும். லிங்கைத் தொடாமல், பிரவுசரில் `incometax.gov.in` என்று கையால் தட்டி உள்ளே போங்கள். e-File, Income Tax Returns, View Filed Returns என்று போனால், அந்தந்த வருட ரிட்டர்ன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். ரிட்டர்ன் இன்னும் பரிசீலனையே ஆகவில்லை என்று அங்கே காட்டினால், "அனுமதிக்கப்பட்டது" என்ற மெசேஜுக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. My Profile பகுதியில் My Bank Account என்பதைத் திறந்தால் எந்தக் கணக்கு சரிபார்க்கப்பட்டது, எது ரீஃபண்டுக்குக் குறிக்கப்பட்டது என்று பார்க்கலாம். அப்பா போலிப் பக்கத்தில் போர்ட்டல் கடவுச்சொல்லையும் தட்டியிருந்தால் உடனே மாற்றிவிட்டு, இந்தப் பட்டியலில் அறியாத கணக்கு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

பணம் போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படும். முதலில் வங்கி, அடுத்த நிமிடம் 1930. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து வேறொன்றுக்கும் தாவிக்கொண்டே போகும். புகார் பதிவானதும் அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாத தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். எவ்வளவு நேரத்துக்குள் சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆனால் மறுநாள் காலை வங்கி திறக்கட்டும் என்று காத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. `cybercrime.gov.in` தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

வங்கி ஈடு செய்யுமா என்பது வேறு கேள்வி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியுடையதும் இல்லாமல் வாடிக்கையாளருடையதும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. வாடிக்கையாளரே ஓடிபி போன்றதைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஆகும் நஷ்டம் வங்கியுடையது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். போலிப் பக்கம் "ஓடிபி தவறு, மறுபடி போடுங்கள்" என்று சொல்லி இரண்டு, மூன்று முறை பணம் எடுப்பது வழக்கம் என்பதால், முதல் தொகை போனதுமே சொல்லி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்திருந்தால் அதற்குப் பின் போனதைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. தொகை பெரிதாக இருந்து வங்கி மறுத்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்குப் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் தாள்களைக் காட்டுவது நல்லது.

உங்கள் விஷயத்தில் பணம் போகவில்லை என்றாலும் அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்தால் அனுப்பிய எண்ணின் மீது நடவடிக்கைக்குப் போகும். மின்னஞ்சலில் வந்திருந்தால் அதை அப்படியே `webmanager@incometax.gov.in` முகவரிக்கு அனுப்பி, `incident@cert-in.org.in` முகவரிக்கும் ஒரு நகல் போடச் சொல்கிறது துறை.

அப்பாவின் உண்மையான ரீஃபண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்டை முடக்குவதால் கணக்கு முடங்காது, கணக்கு எண்ணும் மாறாது. அதனால் ரீஃபண்ட் வழக்கம் போலவே வரும். வரும்போது பாஸ்புக்கில் பொதுவாக `ITDTAX REFUND` என்று தொடங்கும் வரியாக இருக்கும், பக்கத்தில் வருடமும் பானும் தெரியும். போர்ட்டலில் ரீஃபண்ட் தோல்வி என்று காட்டினால், கணக்கை மறுபடி சரிபார்த்துவிட்டு Services பகுதியில் Refund Reissue கோரிக்கை வைக்க வேண்டும். அதற்கு ரிட்டர்னைத் தேர்ந்தெடுத்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, இ-வெரிஃபை செய்தால் முடிந்தது. அதில் பான் பெயருக்கும் வங்கிப் பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இருந்து மறுபடி நின்றால் இங்கேயே எழுதுங்கள், எந்தப் பக்கம் திருத்துவது சுலபம் என்று சொல்கிறேன். பானையோ கணக்கு எண்ணையோ மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.